ஜெராய் ஹைட்ஸா, புங்கோர் பீடோங்கா? தோட்ட நகரத்து அடுக்குமாடிக்குப் பெயர் வைக்கும் கணக்கு

கெடாவின் தோட்ட நகரங்களில் அடுக்குமாடி வீடு வாங்கப் போகிறவர்கள் ஒரு கட்டத்தில் குழம்பிப் போகிறார்கள். சாலையோரப் பலகையில் பளபளப்பான ஆங்கிலப் பெயர் இருக்கிறது. கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தத்தில் வேறொரு மலாய்ப் பெயர் இருக்கிறது. ஊர்க்காரர்களிடம் வழி கேட்டால் இரண்டுமே தெரியாது, "பழைய ஆயாக்கொட்டகை இருந்த இடம்தானே?" என்கிறார்கள். இது மோசடியா, இல்லை வழக்கமா என்ற சந்தேகம் நியாயமானது. பெரும்பாலும் வழக்கம்தான். ஆனால் பெயர் வைத்தவர் ஒழுங்காக யோசித்திருந்தால் இந்த மூன்றும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

ஒரு கட்டடம், மூன்று பெயர்

1. அனுமதிப் பெயர். மேம்பாட்டாளர் உரிமத்திலும், விளம்பர விற்பனைப் பெர்மிட்டிலும், விற்பனை ஒப்பந்தத்திலும் வருவது இதுதான். பிற்காலத்தில் வீட்டு உரிமையாளர்களின் நிர்வாக அமைப்பு உருவாகும்போது அதன் பெயரோடு ஒட்டிக்கொள்வதும் இதுதான்.

2. விற்பனைப் பெயர். பலகை, துண்டறிக்கை, காட்சிக்கூடம் எல்லாவற்றிலும் வருவது. விளம்பர நிறுவனம் கொடுத்த பெயராக இருக்கும்.

3. வாய்ப்பெயர். டாக்சிக்காரர், சாப்பாடு கொண்டுவரும் பையன், பள்ளிக்கூடத்துப் பேருந்து ஓட்டுநர் ஆகியோர் சொல்வது. இதை யாரும் வைப்பதில்லை, தானாக வந்து ஒட்டும்.

முதலிரண்டும் விலகி நின்றால் வாங்குபவருக்குச் சந்தேகம் வருகிறது. இரண்டாவதும் மூன்றாவதும் விலகி நின்றால் பெயருக்குக் கொட்டிய பணம் வீண். மூன்றையும் நெருக்கமாக வைத்துக்கொண்டு, அதே நேரம் கௌரவமாகவும் ஒலிக்கச் செய்வதுதான் இதில் உள்ள சிக்கல்.

பெருமைச் சொல் எப்படித் தேய்கிறது

மலேசியாவில் வீடமைப்புப் பகுதிகளுக்கு வைக்கும் பெயர்களைக் கவனித்தால் ஒரு சுழற்சி தெரியும். ஒரு காலத்தில் 'செரி', 'ஜெயா', 'பூரி', 'டேசா' எல்லாம் மிடுக்கான சொற்கள். தமிழர் காதுக்கு இவை அந்நியமும் அல்ல. ஸ்ரீ, ஜெயம், புரி, தேசம் என்ற சமஸ்கிருதச் சொற்கள்தான் மலாய் வேடம் போட்டு நிற்கின்றன. அடுக்குமாடி வீட்டைக் குறிக்கும் 'பங்சாபூரி'யின் வாலிலும் அந்தப் 'புரி' இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாமானும் 'செரி' ஆனபோது 'செரி' என்பதற்குப் பொருளே இல்லாமல் போயிற்று.

அடுத்து வந்தது 'ரெசிடென்சி'. 'இது பிளாட் அல்ல, கொண்டோவுக்கும் ஒரு படி மேலே' என்று வாங்குபவருக்குச் சொல்லாமல் சொன்ன சொல் அது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேசத்தின் கட்டுப்படி விலை வீட்டுத் திட்டம் 'ருமாவிப்' என்ற பழைய பெயரை விட்டுவிட்டு 'ரெசிடென்சி விலாயா' ஆனது. கட்டுப்படி விலையில் வரும் பிரிமா திட்டங்கள் பலவும் 'ரெசிடென்சி' என்றே தொடங்குகின்றன. சாதாரணக் குடும்பங்களுக்கும் நல்ல பெயர் கிடைத்தது என்ற வகையில் அதில் தவறேதும் இல்லை. ஆனால் அதே சொல்லைக் கூடுதல் விலைக்கு விற்க நினைத்த மேம்பாட்டாளருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஒரு சொல்லை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது யாரையும் உயர்த்திக் காட்டாது.

'ஹைட்ஸ்' கதை வேறு மாதிரி. அது மேடான இடத்தைக் குறிக்கும் சொல். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் மலைச்சரிவை ஒட்டி நின்ற ஹைலண்ட் டவர்ஸ் கட்டடத்தின் ஒரு தொகுதி சரிந்து 48 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சரிவில் வீடு என்றாலே கொஞ்சம் தயங்குகிற தலைமுறை ஒன்று உண்டு. சமதளத்தில் கட்டிவிட்டு 'ஹைட்ஸ்' என்று வைப்பவருக்கு இரட்டை நட்டம்: பெயர் பொய், அதோடு அந்தப் பழைய பயத்தையும் கிளறுகிறது.

'கிராண்ட்', 'எலிட்', 'பிரெஸ்டீஜ்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தன்னைத் தானே 'பெரிய மனிதர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்பவரைப் பார்த்தால் என்ன தோன்றுமோ, அதுதான் இங்கேயும்.

சட்டம் எங்கே கை வைக்கிறது

வீடமைப்பு மேம்பாடு (கட்டுப்பாடு, உரிமம்) சட்டம் 1966இல் வந்தது. அதன் கீழ் 1989இல் வந்த விதிமுறைகள் விளம்பரத்தில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகின்றன: உரிம எண், பெர்மிட் எண், அவை செல்லும் காலம், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா என்பது, வீடுகளின் எண்ணிக்கை, விலை, கட்டி முடியும் தேதி, அனுமதி கொடுத்த அமைப்பு, இவற்றைப் போன்றவை. பலகையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் வருவது இதுதான். பெயர் பிடித்துப்போய் நிற்பவர்கள் முதலில் குனிந்து படிக்க வேண்டியது அந்த எழுத்தைத்தான்.

பெயருக்கு முக்கியமானது, என்ன இருக்கக் கூடாது என்ற பகுதி. அரசர்கள், சுல்தான்கள் குடும்பத்தின் ஆதரவு இருப்பதுபோல் காட்டக் கூடாது. அரசுத் துறையோடு தொடர்பு இருப்பதுபோலும் காட்டக் கூடாது. மேம்பாட்டாளர் நேர்மையாக உரிமை கொண்டாட முடியாத சிறப்பு எதையும் சொல்லக் கூடாது. ஆகவே 'டிராஜா' என்ற சொல்லைத் தொடுவது வம்பை விலைக்கு வாங்குவது. விளம்பரத்தில் பரந்த இயற்கைக் காட்சி தெரியும் என்று கோருவதும், பிரபலமான இடங்களுக்கு இத்தனை நிமிடப் பயணம் என்று போடுவதும் கூடாது. விளம்பரத்தில் சொல்ல முடியாததைப் பெயரிலேயே நுழைத்துவிடலாம் என்று 'வியூ', 'பனோரமா' என்று வைப்பவர்கள் உண்டு. வடக்குப் பக்க வீட்டுக்கு மலை தெரியும், தெற்குப் பக்க வீட்டுக்குக் கார் நிறுத்துமிடம்தான் தெரியும். இரண்டாமவர் அந்தப் பெயரைத் தினமும் வாசலில் படிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மேல் மொழி. தாமான், சாலை, கட்டடப் பெயர்களில் ஊராட்சி அமைப்புகள் தேசிய மொழியை எதிர்பார்க்கின்றன. பெயர்ப்பலகையிலும் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சிந்தித்த பெயரை அனுமதிக்காக அவசரமாக மலாயில் மாற்றும்போதுதான் முதல் பெயரும் இரண்டாம் பெயரும் பிரிந்து போகின்றன. மலாயிலேயே தொடங்கினால் அந்தப் பிளவு வராது.

தோட்டத்தின் பெயரே கௌரவம் ஆகும்போது

சிலாங்கூரில் இரண்டு வழிகளையும் பார்க்கலாம். சுபாங் ஜெயாவும் யூஎஸ்ஜேயும் எழுந்த நிலம் சீஃபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமா எழுந்த நிலம் எஃபிங்ஹாம் தோட்டம். புதிய நகரங்கள் அந்தப் பெயர்களை எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றைத் தாங்கி நிற்பவை தமிழ்ப்பள்ளிகளும் கோயிலும்தான்: சீஃபீல்டு தமிழ்ப்பள்ளி, எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி, சீஃபீல்டு மாரியம்மன் கோயில். மறுபக்கம், கிள்ளான் அருகே புக்கிட் ராஜா தோட்டம் 'பண்டார் புக்கிட் ராஜா' ஆயிற்று. எல்மினா தோட்டத்தின் பெயர் 'சிட்டி ஆஃப் எல்மினா' என்ற பெரிய நகரத் திட்டத்துக்கே கிடைத்தது. எல்மினா என்றால் இன்று வாங்குபவர்கள் மனத்தில் வருவது பூங்காவும் ஏரியும். பால்மரமோ செம்பனையோ அல்ல.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. நிலத்தோடு பிறந்த பெயரை இன்னொரு மேம்பாட்டாளர் அடுத்த ஊரில் நகல் எடுக்க முடியாது. எடுத்தாலும் பொருந்தாது. அது தேயாத பெருமை.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தோட்டத்தின் பெயர் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒலிக்காது. நகரத்திலிருந்து முதலீட்டுக்கு வருபவருக்கு அது 'பாரம்பரியம்'. லயத்தை இடித்தபோது மூட்டை கட்டிய குடும்பத்துக்கு அது பழைய காயம். அந்த நிலத்தில் கோயில் இடமாற்றமோ வீட்டு இழப்பீடோ இன்னும் தீராமல் இருந்தால், தோட்டத்தின் பெயரை ஆடம்பர வாசலில் பொறிப்பது எரிகிற இடத்தில் எண்ணெய். விஷயம் தீர்ந்த பிறகு வைக்கலாம், அல்லது வேறு பெயர் தேட வேண்டும். தேடுவதற்கு நிலத்தில் வேறு என்னென்ன இருக்கின்றன என்பதைக் கீழே உள்ள உதாரணத்தில் பார்க்கலாம்.

ஒரு மனை, ஆறு பெயர்

கற்பனையாக ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். பீடோங்கின் ஓரத்தில், முன்பு பால்மரமும் பின்பு செம்பனையும் நின்ற 8 ஏக்கர் சமதளம். 12 மாடியில் 2 தொகுதிகள், மொத்தம் 240 வீடுகள். வடமேற்கே ஜெராய் மலை தெரிகிறது. மனைக்குள் பழைய துரை பங்களாவுக்குப் போன பாதையின் ஓரத்தில் 12 புங்கோர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. புங்கோர் என்பது நம் பூமருது. இலை உதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் மரம் முழுக்க ஊதாப் பூ.

மேசையில் ஆறு பெயர்கள் வைக்கப்படுகின்றன.

1. *ஜெராய் ஹைட்ஸ்.* ஜெராய் 1,217 மீட்டர் உயரம். அது உயரம், மனை அல்ல. அந்த வட்டாரத்தில் கடைக்கும் கழகத்துக்கும் பட்டறைக்கும் மலையின் பெயரையே வைப்பார்கள் என்பதால் தனித்தும் நிற்காது. தள்ளுபடி.

2. *தி கிராண்ட் பீடோங்.* 'பீடோங்' என்பது மட்டும்தான் இதில் உண்மை. அந்தப் பாதியை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

3. *ஹார்வர்ட் ரெசிடென்ஸ்.* சிரிக்க வேண்டாம். பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டம் உண்மையிலேயே இருக்கிறது. ஹார்வர்ட் தமிழ்ப்பள்ளிகள் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று எண் போட்டு நின்றன. அந்த நிலத்தில் கட்டுபவருக்குப் பெயரின் மேல் நேர்மையான உரிமைகூட இருக்கலாம். ஆனாலும் வெளியூர்க்காரர் காதில் விழுவது அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான்; 'ஆக்ஸ்ஃபோர்டு வில்லா' வகைப் போலிப் பெருமை என்று உதட்டைப் பிதுக்குவார். போதாக்குறைக்கு, வர்த்தக முத்திரைத் தகராறு வரும் வாய்ப்பும் உண்டு. உண்மையான பெயர் பொய்யாக ஒலிக்கும் அபூர்வமான இடம் இது.

4. *கடாரம்.* தமிழ் மேம்பாட்டாளர் என்றால் இந்தப் பெயர் கட்டாயம் மேசைக்கு வரும். பூஜாங் பள்ளத்தாக்கு பக்கத்தில்தான். கெடாவின் பழைய தமிழ்ப் பெயர் என்ற பெருமையும் உண்டு. ஆனால் தமிழர் வாயில் அந்தச் சொல் ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பையும் 'கடாரங்கொண்டான்' பட்டத்தையும் சேர்த்தே வருகிறது. கெடா மாநிலத்தில், பல இன மக்களுக்கு விற்கும் 240 வீட்டுக்கு, கெடாவை வென்றதை நினைவூட்டும் பெயர் நல்ல தேர்வல்ல. நூலகத்துக்கு வைக்கலாம்.

5. *நிலா.* தமிழில் குளிர்ச்சி. மலாயில் 'நிலா' என்றால் அவுரிச் சாயம். 'ஒரு துளி நிலாவால் ஒரு பானைப் பால் கெட்டது' என்பது ஒவ்வொரு மலாய்க் குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. வீட்டுக்குப் பெயராக இது தேறாது. 'மதி' இன்னும் மோசம்: மலாய்க்காரர் அதை 'மாத்தி' என்று படிப்பார், அதாவது சாவு. வலிமையைச் சொல்லும் 'பலம்', 'பாலா' பக்கம் போனால் மலாயில் 'பாலா' என்பது பேரிடர்.

6. *புங்கோர் பீடோங்.* மரம் மனைக்குள் நிற்கிறது. ஊர் ஊரில் இருக்கிறது. இரண்டு சொல்லும் 'ப'வில் தொடங்கி நாக்கில் உருள்கின்றன. மலாய் என்பதால் 'பங்சாபூரி புங்கோர் பீடோங்' என்று அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், பலகையில் 'புங்கோர் பீடோங்' என்று போடலாம். முதல் பெயரும் இரண்டாவதும் ஒன்றாகிவிட்டன. வழி கேட்பவருக்கு 'ஊதாப் பூ மரம் நிற்கிற இடம்' என்று ஊர்க்காரர் காட்டுவார் என்பதால் மூன்றாவதும் பக்கத்தில் வந்துவிட்டது.

இதில் பெருமை எங்கே என்று கேட்கலாம். 'கிராண்ட்' என்ற சொல் பெருமையைக் கேட்டு வாங்குகிறது. 'புங்கோர் பீடோங்' எதையும் கேட்கவில்லை. வாசலில் நிற்கும் பழைய மரங்களைப் பார்க்கிறவர் தானாக முடிவு செய்கிறார். பணம் போட்டாலும் நாளைக்கே வளர்க்க முடியாத ஒன்று அந்த வீட்டோடு வருகிறது என்று அவருக்குத் தெரிகிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மரப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்த பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிவது எளிதல்ல. 2019ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைச் சட்டப்படி வீடு, நிலம் தொடர்பான சேவைகள் 36ஆம் வகுப்பில் வருகின்றன. ஓர் இடத்தை வெறுமனே குறிக்கும் சொல்லை ஒருவர் தனக்கென்று அடைத்துக்கொள்ள அதில் இடம் குறைவு. ஆனாலும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தின் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட வேண்டும். தேடுவது நாம் பதிவதற்காக மட்டுமல்ல, இன்னொருவர் பதிந்ததை மிதிக்காமல் இருக்கவும்தான்.

தொலைபேசிச் சோதனை

காகிதத்தில் அழகாக இருக்கும் பெயர் தொலைபேசியில் செத்துப்போகும். பெயரைக் கேள்விப்படாத பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும், மலாய், தமிழ், சீன மொழி பேசுபவர்கள் கலந்து. அவர்களிடம் பெயரை ஒரே ஒரு தடவை தொலைபேசியில் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி எழுதினால் பெயர் தேறியது. பிரெஞ்சு மாதிரி ஒலிக்க எழுத்தை முறுக்கிய பெயர்கள் இங்கேதான் விழும். 'புங்கோர்' கூட இதில் முழு மதிப்பெண் வாங்காது, ஏனென்றால் 'புங்குர்' என்ற எழுத்தும் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்து உரிமத்திலிருந்து வழிகாட்டிச் செயலி வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

சீன வாசகருக்குத் தனியாகச் சீனப் பெயர் வைப்பது பரவலான வழக்கம். அதை மொழிபெயர்ப்புச் செயலியிடம் விடாமல் அந்த மொழியில் பிறந்தவரிடம் கேட்பது நல்லது. நாலு என்ற எண் சாவு என்ற சொல்போல ஒலிப்பதால் நாலாம் மாடியை '3ஏ' என்று எழுதும் நாடு இது. ஒலி விஷயத்தில் வாங்குபவர்கள் விளையாடுவதில்லை.

மரம் செத்தால்

பெயர் உண்மையாக இருக்க வேண்டும் என்றால் அதற்குச் செலவு உண்டு. கட்டுமானத்தில் மனையின் தரைமட்டத்தை உயர்த்த மண் நிரப்புவார்கள். புங்கோரின் வேர்மேல் ஒரு மீட்டர் மண் கொட்டினால் மரம் அன்றே சாகாது. ஓரிரு வருடத்தில் நுனிக்கிளை காய்ந்து, இலை சிறுத்து, மெல்ல மெல்லப் போகும். அதாவது சாவி கொடுக்கும் நேரத்துக்குச் சரியாக. ஆகவே பெயர் முடிவான அன்றே 12 மரங்களையும் வரைபடத்தில் குறித்து, கிளை பரவும் வட்டம் வரை வேலி போட்டு, லோரியும் கான்கிரீட் கழிவும் உள்ளே வராமல் பார்க்க வேண்டும். நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் இதைத் தொடுகிறது: 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட உள்ளூர்த் திட்டமிடல் அமைப்பின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நடலாமே என்று குத்தகைக்காரர் சொன்னால், முதிர்ந்த மரம் அதைத் தாங்குவது சந்தேகம் என்பதை முதலிலேயே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குபவர் சோதிக்க வேண்டியதும் இதுதான். பெயரில் மரமோ ஏரியோ மேடோ இருந்தால், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்சிக்கூடத்து மாதிரியில் இருப்பது போதாது. மாதிரியில் பஞ்சு மரம் எத்தனை வேண்டுமானாலும் நடலாம்.

இரண்டாம் கட்டம் வரும்போது இன்னொரு தவறு நடக்கும். நன்றாக விற்ற பெயர் என்று பக்கத்து மனைக்கும் 'புங்கோர் பீடோங் 2' என்று வைப்பார்கள். அங்கே புங்கோர் கிடையாது. முதலில் வாங்கியவர்கள் கொடுத்த விலைக்கான காரணம் அன்றோடு கரையும். பக்கத்து மனையில் ஓடையோ கிணறோ பழைய பால் ஸ்டோரோ இருந்திருக்கும், அதன் பெயரைத் தேடுவதே முறை.

அடுக்குமாடி வீட்டுக்கான ஒப்பந்தப்படி 36 மாதத்தில் சாவி கைக்கு வர வேண்டும். சாவி கொடுத்து 12 மாதத்துக்குள் கூட்டு நிர்வாக அமைப்பின் முதல் கூட்டம் நடக்க வேண்டும். அப்புறம் தனித்தனி உரிமைப் பத்திரங்கள் வந்து நிர்வாகக் கழகம் பொறுப்பேற்கும்போது, கழகத்தின் பெயரிலேயே 'புங்கோர் பீடோங்' இருக்கும். மேம்பாட்டாளர் கிளம்பிவிட்டிருப்பார். 12 மரங்களுக்கும் கிளை கழிப்பதும் கரையான் பார்ப்பதும் 240 வீடுகளின் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு வரியாக வரும்.